இறந்தபோது வயது 52. பிறந்த ஆண்டு எது?

"எங்கள் ஊர்த் தியாகி ஒருவர் 14 மார்ச் 1943 அன்று 52 வயதில் காலமானதாக இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. பிறந்த தேதி எங்கும் கிடைக்கவில்லை. நினைவு மலரில் 1891 என்று போடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். 52 என்பது நிறைந்த வயதானால், அவர் 15 மார்ச் 1890க்கும் 14 மார்ச் 1891க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். இதில் ஒன்பதரை மாதம் 1890இல் விழுகிறது, இரண்டரை மாதம்தான் 1891இல். அதாவது ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு 1890க்கே. ஆண்டின் தொடக்கத்தில் இறந்தவர்களுக்கு வெறும் கழித்தல் பெரும்பாலும் ஒரு வருடம் தள்ளிப்போகும். திருப்பூர் குமரன் 11 ஜனவரி 1932 அன்று 27 வயதில் இறந்தார். கழித்தால் 1905 வரும்; பிறந்தது 4 அக்டோபர் 1904.

சிக்கல் இன்னொன்று இருக்கிறது. நம் வீடுகளில் "52 நடக்குது" என்றும் வயது சொல்வார்கள். பதிவேட்டில் இருப்பது, இறப்பைத் தெரிவிக்க வந்தவர் சொன்ன வயது. அவர் நடப்பு வயதைச் சொல்லியிருந்தால் நிறைந்தது 51தான். பிறப்பு 15 மார்ச் 1891 முதல் 14 மார்ச் 1892 வரை எங்கும் இருக்கலாம். ஆக மொத்தம் இரண்டு வருட இடைவெளி. 52 என்று உதிரியாக இருப்பது ஒருவகையில் நல்லது. 50, 60 என்று முழு எண்ணாக இருந்தால் குத்துமதிப்பாகச் சொன்னதோ என்று சந்தேகப்பட்டு, இருபுறமும் சில வருடங்கள் விட்டுத்தான் பார்ப்பேன்.

இந்த இரண்டில் எது என்று பிரிக்க, அவர் பிறந்த தமிழ் வருடப் பெயரை உறவினர்களிடம் கேளுங்கள். ஜாதகம் தொலைந்த வீட்டிலும் அது சிலருக்கு நினைவிருக்கும். 1890 ஏப்ரல் நடுவில் தொடங்கியது விக்ருதி. 1891 ஏப்ரலில் தொடங்கியது கர. விக்ருதி என்றால் பெரும்பாலும் 52 நிறைந்தது. கர என்றால் நடப்பு. விரோதி என்று வந்தாலும் தள்ளிவிடாதீர்கள், 1890 ஏப்ரல் நடுவரை அந்த வருடம்தான். பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் இங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

அவர் சிறை சென்றவரா? சிறைப் பதிவேட்டில் தேதியோடு வயதும் இருக்கும். உதாரணமாக 20 ஜூன் 1930 அன்று நிறைந்த வயது 38 என்றிருந்தால், பிறப்பு 20 ஜூன் 1891க்குப் பிறகு. அப்போது 52 நடப்பு வயதாகத்தான் இருக்க முடியும். ஆனால் அதுவும் வாய்மொழி வயதுதான். ஒரு வருட முரண்பாட்டை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஜாதகமும் அதையே சொன்னால் நம்பலாம்.

வேறு சான்று எதுவும் கிடைக்காவிட்டால் மலரில் இப்படிப் போடுங்கள்: "பிறப்பு: 1890க்கும் 1892க்கும் இடையில் (இறப்புப் பதிவேட்டின்படி 14 மார்ச் 1943இல் வயது 52)". வயதையும் இறந்த தேதியையும் சேர்த்து அச்சிட்டால், பின்னால் ஜாதகம் கண்டெடுக்கிறவர் உங்கள் கணக்கைச் சரிபார்க்க முடியும்.