தக்காளி விலை எப்போது இறங்கும்? அப்பாவுக்கு ஒரு கடிதம்

“கோயம்பேட்டுல கிலோ 50-க்கு எடுத்த தக்காளி மூணு நாலு மாசத்துல 15-க்கு வந்துடுது. அப்புறம் திரும்ப ஏறுது. யாராவது பதுக்குறாங்களாம்மா? எப்ப இறங்கும்னு முன்னாடியே தெரிஞ்சிக்க வழி இருக்கா?” — தண்டையார்பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அப்பா.

அன்புள்ள அப்பாவுக்கு,

பழுத்த தக்காளியைப் பதுக்க முடியாது. நம் கடையிலேயே மூன்றாம் நாள் கூடையின் அடியில் தண்ணீர் கசியுமே! காரணம் இங்கே, நான் நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் ராயக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறது. விவசாயி இன்றைய விலையைப் பார்த்து நடுகிறார். காய் வருவதோ மூன்று மாதம் கழித்து. குழித்தட்டில் நாற்று வளர 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு 65, 70 நாள்.

ஒரு கணக்குப் போடுவோம். சந்தைக்குத் தினமும் 10 லோடு வந்தால் கிலோ 30 ரூபாய், ஒரு லோடு கூடினால் 5 ரூபாய் இறங்கும், குறைந்தால் 5 ஏறும் என்று வையுங்கள். மழையில் செடி அழுகி 6 லோடுதான் வருகிறது, விலை 50. அந்த 50-ஐப் பார்த்து ஊரே தக்காளி நடுகிறது. பக்கத்துத் தோட்டக்காரரும் அதையே செய்கிறார் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்த போகத்தில் 13 லோடு வந்து விலை 15-க்கு விழுகிறது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாமல், பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். வயிறு எரிகிறது அப்பா, அதைப் பார்க்க. மனம் வெறுத்துப் பலர் வேறு பயிருக்குப் போக, அடுத்த முறை 8 லோடு, விலை 40.

இந்த விலையையும் வரத்தையும் வரைபடத்தில் கோடாக இழுத்தால் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றி வரும். நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளாதார அறிஞர் 1934-இல் இதற்கு அந்தப் பெயரையே வைத்தார். நம் கணக்கில் 50, 15, 40 என்று ஆட்டம் மெல்ல அடங்குகிறது. ஆனால் நிஜத்தில் அடங்குவதற்குள் இன்னொரு மழை வந்து மறுபடி கிளப்பிவிடும். விலை ஏறும்போது விவசாயிகள் இன்னும் அதிகமாக நட்டால், ஆட்டம் அடங்காமல் பெரிதாகவும் ஆகலாம்.

சரி, முன்னாடியே எப்படித் தெரியும்? நாற்றுப் பண்ணையைக் கேட்க வேண்டும். நாற்றுக்கு முன்பணம் கட்டி ஆட்கள் காத்திருந்தால், மூன்று மாதத்தில் வரத்து குவியும். தட்டுகள் விலைபோகாமல் நாற்று முற்றிக் கிடந்தால், மூன்றாவது மாதத்தில் தட்டுப்பாடு. பறிப்பு நேரத்தில் கொட்டும் மழையையும் லாரி நிற்பதையும் இது சொல்லாது. இரண்டு நாளில் ஏறி ஒரு வாரத்தில் இறங்கும் விலை அந்த வகை. அதை வைத்து எதையும் கணிக்காதீர்கள்.

இந்த வாரம் நான் வேலை செய்யும் பண்ணையில் ஒரு தட்டு கூட மிச்சமில்லை. அதனால் மூன்றாவது மாதம் தொடங்கியதும் ஐந்து பெட்டி எடுக்கும் இடத்தில் இரண்டு எடுங்கள். கடனுக்கு மொத்தமாக எடுக்க வேண்டாம். அதற்கு முன் தட்டு தேங்க ஆரம்பித்தால் உடனே போன் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்