பெயர் தெரியாத கலெக்டருக்கு மனு: ஐயாவா, அம்மாவா?

கேள்வி: கலெக்டருக்கு மனு எழுதணும். அவர் பெயர் தெரியாது, ஆணா பெண்ணான்னும் தெரியாது. எப்படி ஆரம்பிச்சு எப்படி முடிக்கறது?

ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். முதலில், பெயரைத் தேடி அலையாதீர்கள். நீங்கள் எழுதுவது நாற்காலிக்கு. இன்றைக்கு இருப்பவர் அடுத்த வாரம் மாறுதலில் போய்விட்டால், பெயர் போட்ட மனுதான் பழசாகத் தெரியும். பதவி போட்ட மனு அப்படியே நிற்கும்.

பெறுநர் பகுதியில் தமிழே கை கொடுக்கும். ‘ஆட்சியர்’, ‘அவர்கள்’ இரண்டும் இருபாலுக்கும் பொது. அதனால்,

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், (ஊர்ப் பெயர்).

என்று எழுதினால் போதும். ‘இ.ஆ.ப.’ பெயருக்குப் பின்னால் வருவது. பெயர் இல்லாதபோது அதுவும் வேண்டாம். மரியாதை கூடட்டும் என்று பலர் ‘மாண்புமிகு’ போடுகிறார்கள். அது அமைச்சர்களுக்கு எழுதுவது, அதிகாரிக்குப் பொருந்தாது.

சிக்கல் விளிக்கும் வரியில்தான். ‘ஐயா’ என்று மட்டும் எழுதி, உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தால் சங்கடம். ‘ஐயா / அம்மையீர்,’ என்று இரண்டையும் போடுங்கள். நேரில் கொடுப்பதாக இருந்தால் வாசலில் நிற்கும் டவாலியிடம் கேட்டுவிட்டு ஒன்றை அடித்துவிடலாம். அடிக்காமல் கொடுத்தாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை. ‘அன்புள்ள’ வேண்டாம், அது சொந்தக்காரர்களுக்கு. ‘அன்புடையீர்’ அழைப்பிதழ் வாசனை அடிக்கும்.

போன மாதம் ஒரு பெரியவர் தெருவில் சாக்கடை நிற்பது பற்றி எழுதிய மனுவைக் காட்டினார். ‘மாண்புமிகு ஐயா’வில் தொடங்கி, நடுவில் ‘நீங்கள் உடனே வரவேண்டும்’ என்று உத்தரவு போட்டு, முடிவில் ‘தங்கள் பாதம் பணியும்’ என்று இருந்தது. ஒரே தாளில் மூன்று மனிதர்கள் பேசுகிற மாதிரி. ‘நீங்கள்’ எல்லாவற்றையும் ‘தாங்கள்’ ஆக்கினேன். கடைசி வாக்கியத்தை, ‘தாங்கள் நேரில் ஆய்வு செய்து, கழிவுநீர் வடிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று மாற்றினேன். பணிவு அந்த ஒரு சொல்லில் இருந்தால் போதும். பாதம் பணிவதை எடுத்துவிடச் சொன்னபோது பெரியவருக்கு மனசே இல்லை!

‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ என்பது அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் எழுதுவது. பொதுமக்கள் இப்படி முடிக்கலாம்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)

இடமும் தேதியும் இடப்பக்கம். கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதி, கைபேசி எண்ணையும் போடுங்கள். மனு எந்தப் பிரிவுக்குப் போனாலும் அங்கிருந்து கூப்பிட அதுதான் வேண்டும்.