இரவில் தொப்பென்று இடிக்கும் இதயம்

கேள்வி: எனக்கு வயது 36. பள்ளி ஆசிரியை. நான்கு மாதமாக இரவு படுத்ததும் நெஞ்சில் ஒரு துடிப்பு நின்று, அடுத்தது தொப்பென்று இடிக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஒருநாள் பல்ஸ் 42 என்று காட்டியது. ஈ.சி.ஜி. எடுத்ததில் வி.பி.சி. இருக்கிறது என்றார்கள். 24 மணி நேரம் ஈ.சி.ஜி.யைப் பதிவு செய்யும் ஹோல்டரில் 2,140 வந்திருக்கிறது. எக்கோ நார்மல். நெட்டில் படித்துவிட்டுக் காபியை நிறுத்தினேன், மெக்னீசியம் மாத்திரை வாங்கினேன். படபடப்பு கூடும் நாளில் மாமியாரின் மெட்டோப்ரோலால் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். என் அண்ணன் 41 வயதில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்துவிட்டார். அவர் மகன் எங்களோடுதான் இருக்கிறான். எனக்கும் தூக்கத்தில் இதயம் நின்றுவிடுமா?

பதில்: நீங்கள் பயப்படும் அந்த இடைவெளியில் இதயம் நிற்கவே இல்லை. இதயத்தின் கீழறையில் எங்கோ ஓர் இடம், முறை வருவதற்குள் முந்திக்கொண்டு துடித்துவிடுகிறது; வி.பி.சி. என்று சொன்னது இதைத்தான். அறை இன்னும் ரத்தத்தால் நிறையாத நேரம் அது. அதனால் அந்தத் துடிப்பு வெளியே தள்ளும் ரத்தம் குறைவு. உங்களுக்கு அது தெரிவதே இல்லை. அதன் பிறகு இதயம் ஒரு கணம் காத்திருந்து வழக்கமான தாளத்துக்குத் திரும்புகிறது. காத்திருந்த நேரத்தில் அறை நன்றாக நிறைந்துவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக வருகிறது. நீங்கள் உணரும் ‘தொப்’ அந்த நல்ல துடிப்புதான். இரவில் மட்டும் தெரிவதற்குக் காரணம், பகலில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்தில் அதைக் கவனிக்க உங்களுக்கு நேரமில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருவதால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆக்சிமீட்டர் காட்டிய 42-க்கும் இதே விளக்கம்தான். ஒன்றுவிட்டு ஒன்று முந்திய துடிப்பாக வரும்போது, அந்தப் பலவீனமான துடிப்பு விரல்வரை வந்து சேராது. கருவி பாதியை மட்டும் எண்ணிவிட்டு 42 என்கிறது, ஈ.சி.ஜி.யில் பார்த்தால் 84 இருக்கும். பேஸ்மேக்கர் வேண்டுமோ என்று அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஓடி வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அந்தக் கருவியை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் 2,140. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் உங்கள் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் இது இரண்டு சதவீதம். இந்த எண்ணிக்கையால் மட்டும் கெடுதல் வருமா என்று நாங்கள் யோசிக்கத் தொடங்குவது, மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டும்போதுதான். அந்த அளவில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு இதயத் தசை களைத்துப்போய் இடது கீழறை பலவீனமாகும். அதையும் பெரும்பாலும் சரிசெய்ய முடிகிறது. துடிப்பு கிளம்பும் இடத்தைத் தேடிப்பிடித்து, தொடை ரத்தக் குழாய் வழியாகக் கம்பி செலுத்திச் சுட்டுவிட்டால், சில மாதங்களில் பலருக்கு இதயத்தின் பலம் திரும்பிவிடுகிறது. உங்களுக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அண்ணனைப் பற்றியது. நீங்கள் உண்மையில் பயப்படுவதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. அதற்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இதுவரை எடுத்த டெஸ்ட்டுகளில் அது செய்யப்படவில்லை.

41 வயது ஆண் விளையாடும்போது விழுந்து இறந்தால், நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தக் குழாய் அடைப்பு. அவருக்குச் சர்க்கரை, புகைபிடிக்கும் பழக்கம், முன்பே நெஞ்சுவலி ஏதாவது இருந்ததா? போஸ்ட்மார்ட்டம் நடந்திருந்தால் அறிக்கையை எப்படியாவது வாங்குங்கள். அடைப்பு என்று அதில் தெளிவாக இருந்தால் உங்கள் துடிப்புக்கும் அவர் இறப்புக்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. பிரேதப் பரிசோதனையே நடக்கவில்லை, அல்லது காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், பரம்பரையாக வரும் தசை நோய் ஒன்றை மனதில் வைத்துத்தான் உங்களைப் பார்க்க வேண்டும்.

அந்த நோயில் வலது கீழறையின் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகவும் நாராகவும் மாறிவிடுகிறது. சிலருக்கு இடது அறையிலும் இது நடக்கும். நாராகிப்போன இடத்தைச் சுற்றி மின்சாரம் சுழன்று அடிப்பதால் துடிப்பு தாறுமாறாகிறது. கடினமாக உழைக்கும்போதும் விளையாடும்போதும்தான் இது கிளம்பும். இத்தாலியில் வெனெட்டோ பகுதியில் 35 வயதுக்குள் திடீரென்று இறந்த 60 பேரின் இதயங்களை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார்கள். அதில் 12 பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரும்பாலோர் உடலை வருத்தும்போது இறந்தவர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

‘எக்கோ நார்மல்தானே’ என்று கேட்பீர்கள். எக்கோ மிக நல்ல டெஸ்ட். தசை பலவீனம், வால்வு கோளாறு, தசைத் தடிப்பு இவை அதில் தெரிந்துவிடும். ஆனால் வலது கீழறை ஒழுங்கான வடிவம் இல்லாத அறை. மார்பெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தசைக்குள் இருக்கும் சின்னத் தழும்பு எக்கோவில் தெரியாது. குடும்பத்தில் இப்படி ஓர் இறப்பு இல்லாதவருக்கு, மயக்கமும் வராதவருக்கு, நார்மல் எக்கோவும் நார்மல் ஈ.சி.ஜி.யும் பெரும்பாலும் போதும். உங்களுக்குப் போதாது.

இங்கேதான் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது: இந்தத் துடிப்புகள் எப்போது வருகின்றன? சும்மா இருக்கும்போது வந்து, மாடிப்படி ஏறி இதயம் வேகமெடுத்ததும் காணாமல் போனால் நல்ல அறிகுறி. தீங்கில்லாத துடிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு திரும்பி வரும், அதுவும் சகஜம். வேகம் கூடக் கூடத் துடிப்புகளும் கூடினால், இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், ஈ.சி.ஜி.யில் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவத்தில் இருந்தால் அது வேறு கதை. அதை வைத்தே நோய் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் தேடாமல் விடக்கூடாது.

ஒரு நோயாளியைச் சொன்னால் புரியும். 27 வயது வாலிபால் ஆட்டக்காரர். ஹோல்டரில் 800-தான், உங்களுடையதில் பாதிகூட இல்லை. எக்கோ இரண்டு இடத்தில் நார்மல். பார்த்தவர்கள் எல்லாம் ‘டென்ஷன்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒருமுறை கண் இருட்டிக் கீழே விழுந்ததை அவர் வெயிலின் மேல் போட்டுவிட்டார். டிரெட்மில்லில் ஓடவிட்டோம். ஓய்வில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த துடிப்புகள், வேகத்தையும் ஏற்றத்தையும் மூன்றாம் முறை கூட்டியதும் இரட்டையாக வந்தன. பிறகு தொடர்ச்சியாக நான்கு. உடனே நிறுத்தினோம். அவருடைய பழைய ஈ.சி.ஜி.யை மறுபடி எடுத்துப் பார்த்தால், மார்பின் முதல் மூன்று இணைப்புகளிலும் டி அலை தலைகீழாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி இருக்கலாம், 27 வயதில் இருக்கக்கூடாது. எம்.ஆர்.ஐ.யில் வலது கீழறை விரிந்து, சுவர் ஓரிடத்தில் வெளியே பிதுங்கியிருந்தது. போட்டி விளையாட்டை அன்றோடு நிறுத்தச் சொன்னோம். ஷாக் கொடுக்கும் கருவியை மார்பில் பொருத்தினோம். 800 என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவரை இழந்திருப்போம்.

நீங்கள் விளையாடும்போதோ, ஓடும்போதோ, படி ஏறும்போதோ மயங்கி விழுந்ததாக எழுதவில்லை. விழுந்திருந்தால், ஒரே ஒரு முறை என்றாலும், இந்தப் பதிலைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றுகொண்டே இருந்து வியர்த்து, குமட்டி விழுவது வேறு. ஓட்டத்தின் நடுவில் முன்னறிவிப்பே இல்லாமல் சாய்வதை ஒருபோதும் வெயில், பட்டினி என்று ஒதுக்கக்கூடாது.

இதய மருத்துவரிடம் போகும்போது பழைய ஈ.சி.ஜி. எல்லாவற்றையும், ஹோல்டரின் முழு அறிக்கையையும் கொண்டு போங்கள். எண்ணிக்கை எழுதிய முதல் பக்கம் மட்டும் போதாது. அண்ணன் இறந்த விதத்தை முதல் வரியிலேயே சொல்லுங்கள். டிரெட்மில் செய்யச் சொல்வார். அப்புறம் சாய மருந்து செலுத்தி இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார், முக்கால் மணி நேரம், சில சமயம் இன்னும் கொஞ்சம் ஆகும். தசையில் தழும்பு இருக்கும் இடத்தில் சாயம் தங்கிப் பளிச்சென்று தெரியும். தழும்பு இல்லை, டிரெட்மில்லில் துடிப்பும் அடங்கிவிட்டது என்றால், இந்த 2,140-ஐ நீங்கள் மறந்துவிடலாம்.

மாமியாரின் மாத்திரையைப் பற்றி எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. எப்போதாவது பாதி என்பதால் இன்றே நிறுத்திவிடலாம். (தினமும் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அது வேறு ஆபத்து.) மெட்டோப்ரோலால் போட்டுக்கொண்டு டிரெட்மில்லுக்குப் போனால், வெளியே வர வேண்டிய துடிப்பை அது அமுக்கிவிடும், டெஸ்ட் பொய்யாக நன்றாக வரும். துடிப்பை மாத்திரையால் அடக்கினாலே காப்பாற்றிவிட்டோம் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு ஃப்ளெக்கனைடு, என்கனைடு என்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்புகள் அழகாகக் குறைந்தன. ஆனால் மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களில் இரண்டு மடங்குக்கு மேல் இறந்தார்கள். 1989-ல் அந்த மருந்துகளைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. துடிப்பு குறைவதும் ஆபத்து குறைவதும் ஒன்றல்ல என்று நாங்கள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

மெக்னீசியம், ரத்தத்தில் குறைந்திருந்தால் உதவும். குறையாமல் வாங்கி விழுங்குவது காசுக்குக் கேடு. பொட்டாசியம், தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், போதும். காபி குடித்த நாளில் கூடுகிறது என்று நீங்களே கண்டிருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் காலைக் காபியை நிம்மதியாகக் குடியுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அண்ணன் மகன். காரணம் தெரியாத இறப்பு என்றால் உங்களுக்கு முன்னால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கப்பட வேண்டியவன் அவன்தான். இப்போது நார்மலாக இருந்தாலும், இந்த நோய் பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகே தலைகாட்டும் என்பதால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் ஏதாவது அணியில் விளையாடுகிறான் என்றால், பார்த்து முடிக்கும்வரை களத்தில் இறக்காதீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டே நீங்களும் போய் வாருங்கள்.