கடை பூட்டி வந்து 10 மணிக்குச் சாப்பாடு, 10.45க்குப் படுக்கை

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 41. புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் வேலை. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட இரவு 10 மணியாகும், 10.45க்குப் படுத்துவிடுவேன். மத்தியானம் அவசரத்தில் ஏதோ கடித்துக்கொள்வதால் இரவில்தான் சோறு கறியோடு வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். கிழமைக்கு இரண்டு நாள் கொத்து. சில மாதமாக ஒன்றரை, இரண்டு மணிக்கு நெஞ்செரிவோடும் தொண்டையில் புளிப்போடும் எழும்பிவிடுகிறேன். காலையில் பசி இல்லை. ஒரு வருடத்தில் 5 கிலோ கூடிவிட்டது. நேரத்தோடு சாப்பிட எனக்கு வழியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: படுக்கிற நேரத்துக்கும் கடைசிச் சாப்பாட்டுக்கும் இடையில் 3 மணித்தியாலம் விடுங்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. உங்களுக்கு அது ஒத்துவராது. இரவு ஒரு மணிவரை விழித்திருக்கவா முடியும்? ஆகவே நேரத்தை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் வயிற்றுக்குள் போகும் அளவை மாற்றுவோம்.

சோறும் கறியுமான ஒரு முழுச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கி முடிய ஏறக்குறைய 4 மணித்தியாலம் எடுக்கும். எண்ணெய் கூடினால் இன்னும் சுணங்கும். கொத்துச் சாப்பிட்ட இரவுகளில் எரிவு கூடுதலாக இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். 10 மணிக்குச் சாப்பிட்டால் ஒரு மணிக்கும் வயிற்றில் சாப்பாடும் அமிலமும் கிடக்கும். வயிறு புடைத்திருக்கும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசை அடிக்கடி தளர்ந்து திறக்கும். இருக்கும்போது அப்படித் திறந்தால் ஓர் ஏவறையோடு போய்விடும். படுத்திருந்தால் அமிலம் மேலே ஏறும். பகலில் ஏறும் அமிலத்தை நாம் விழுங்கும் உமிழ்நீர் கழுவி இறக்கிவிடும். நித்திரையில் உமிழ்நீரும் குறைவு, விழுங்குவதும் குறைவு. அதனால் அது உணவுக்குழாயிலேயே நெடுநேரம் தங்கி எரிக்கும். இரண்டு மணிக்கு நீங்கள் எழும்புவது உங்களுக்குத் தெரிந்த விழிப்பு மட்டும். நினைவில் நிற்காத சின்ன விழிப்புகளும் இருக்கலாம். 7 மணித்தியாலம் படுத்தும் காலையில் களைப்பாக இருந்தால் அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, இரவுச் சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். பெரிய பங்கு கடையிலேயே, மாலை 6 மணிக்கும் 6.30க்கும் இடையில். தேநீரோடு வடையோ ரோல்ஸோ சாப்பிடும் நேரம்தான் அது. அதற்குப் பதிலாகப் பக்கத்துச் சைவக் கடையில் 6 இடியப்பம், பருப்புக் கறி, ஒரு மரக்கறி வாங்கிச் சாப்பிடுங்கள். மேசையில் உட்கார நேரமில்லை என்றாலும் கால் மணித்தியாலம் போதும். ஒரு விஷயம்: காலையில் வீட்டில் கட்டிய சோற்றை மாலைவரை வைத்துச் சாப்பிட வேண்டாம். கொழும்பு வெக்கையில் பத்து மணித்தியாலம் வெளியில் கிடந்த சோறு வாந்தியும் வயிற்றோட்டமும் கொண்டுவரும். அதில் பெருகும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

வீட்டுக்கு வந்தபின் 2 அல்லது 3 இடியப்பம், தண்ணிப் பதமான சொதி. அல்லது இரண்டு துண்டு பாணும் பருப்பும். முதல் பாலில் காய்ச்சிய தடித்த கறி, பொரியல், கொத்து ஆகியவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் போகட்டும். கட்டைச் சம்பல் எல்லோருக்கும் எரிக்காது; உங்களுக்கு எரித்தால் விடுங்கள், இல்லாவிட்டால் வீணாகத் துறக்கத் தேவையில்லை. பின்னேரம் 5 மணிக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம், நித்திரையைக் கெடுக்கும். மத்தியானமும் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கு இரவில் மூன்று இடியப்பத்தோடு கை நிற்காது.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே 6 அங்குல உயரத்தில் மரக்கட்டையோ கல்லோ வையுங்கள். ஆடாமல் இருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்த பிறகு படுங்கள். பலர் இதற்குப் பதிலாக இரண்டு மூன்று தலையணை அடுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு அமுங்கி, அமிலம் இன்னும் ஏறும். இடப்பக்கம் சரிந்து படுங்கள். அந்தப் பக்கம் படுத்தால் இரைப்பையின் பெரிய பகுதி உணவுக்குழாயின் வாயைவிடத் தாழ்வில் நிற்கும். வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ். சாரத்தை இடுப்பில் இறுக்கி முடியாமல் தளர்வாக விடுவதும் உதவும்.

எடை விஷயத்தில் நேரத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் 2020இல் செய்த ஆய்வொன்றில், ஆரோக்கியமான 20 பேருக்கு ஒரே சாப்பாட்டை ஒருநாள் மாலை 6 மணிக்கும் இன்னொருநாள் இரவு 10 மணிக்கும் கொடுத்து 11 மணிக்குப் படுக்க வைத்தார்கள். 10 மணிக்குச் சாப்பிட்ட இரவில் இரத்தச் சர்க்கரையின் உச்சம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடியது, கொழுப்பு எரிவது 10 சதவீதமளவு குறைந்தது. இரவில் சுரக்கும் மெலடோனின் இன்சுலினைக் குறைப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது ஓரிரவு அளவை. ஒரு வருடத்தில் எத்தனை கிலோ கூடும் என்று அதிலிருந்து கணக்குப் போட முடியாது.

உங்கள் 5 கிலோவுக்கு நேரான கணக்கு உண்டு. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி என்று வைத்தால், நாளுக்கு 105 கலோரி மிஞ்சினால் போதும். அது அரைக் கோப்பைச் சோறு, அல்லது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கும் சற்றுக் குறைவு. கொத்துக் கல்லில் ஊற்றும் எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள்தானே? மாலையில் சாப்பிட்டுவிட்டு இரவிலும் பழைய அளவையே சாப்பிட்டால் எடை இன்னும் கூடும். இந்த ஏற்பாட்டில் மிகப் பேர் தவறுவது இங்கேதான்.

காஸ்ட்ரிக் குளிசை வாங்கிப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒமெப்ரசோல் வகைக் குளிசையைச் சாப்பிட்டுப் படுக்கும்போது விழுங்கினால் முழுப் பலன் கிடைக்காது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் போட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் தொடரவும் கூடாது.

இரண்டு கிழமை செய்து பாருங்கள். எத்தனை இரவு எழும்பினீர்கள் என்று காலண்டரில் குறியுங்கள். எண்ணிக்கை இறங்கினால் வழி சரி. நான்கு கிழமையிலும் குறையாவிட்டால் நேரில் வந்து காட்டுங்கள். விழுங்கும்போது சாப்பாடு தடைப்பட்டால், மலம் தார்போலக் கறுத்தால், காரணமின்றி எடை இறங்கினால் நான்கு கிழமை காத்திருக்க வேண்டாம். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறி எழும்புவதும் இருந்தால், அதற்குத் தனியாக நித்திரைப் பரிசோதனை வேண்டியிருக்கும். 41 வயது, கூடிய எடை என்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரைக் குளிசையோ எடுப்பவராக இருந்தால், மருந்தின் நேரத்தை மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைப் பிரிக்க வேண்டாம். இரவில் சர்க்கரை சட்டென இறங்கிவிடும்.

நெஞ்சில் எரிவாக இல்லாமல் அழுத்தமாக, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, கூடவே குளிர்ந்த வியர்வை என்றால் அதைக் காஸ் என்று எண்ணிச் சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.