நாலாயிரத்துல நின்னு போன சேனல்: கேட்டதும் சொன்னதும்

கோபி தம்பி: அண்ணா, உங்க மோட்டார் ரிப்பேர் சேனல் 4,200 சப்ஸ்கிரைபர்லயே ஒண்ணேகால் வருசம் நின்னுச்சுன்னீங்களே, எப்படிங்ணா நகந்துச்சு?

மொதல்ல வாரம் ஒண்ணுன்னு பாடம் மாதிரி பாகம் 17 வரைக்கும் போட்டேன் தம்பி. யூடியூப் ஸ்டுடியோல ஆடியன்ஸ் பக்கம் பார்த்தா திரும்ப வர்றவங்கதான், புது ஆளே இல்ல. தம்ப்நெயில்ல 'பாகம் 12'ன்னு இருந்தா, முன்னாடி பதினொண்ணும் பாக்காதவன் எதுக்குங்க தொடுறான்? தொட்டவனும் 30 செகண்ட்ல ஓடிட்டான், ஏன்னா நான் "போன பாகத்துல பார்த்தோம்"னு இழுத்துட்டிருந்தேன்.

அப்புறம் நம்பர தூக்கிட்டேன். ஒரு வீடியோன்னா ஒரு தோட்டம், ஒரு கோளாறு. தலைப்பும் தோட்டக்காரர் போன்ல சொல்ற வார்த்தைதான், "மோட்டார் ஓடுது, தண்ணி வரல". மொத ஷாட்டே காஞ்ச பைப்பு. பொறவு எப்பவும் ஒரே வரிசை: ஃபுட் வால்வு ஒழுகுதா, சக்‌ஷன் பைப்புல காத்து இழுக்குதா, ஃபேஸ் மாறி மோட்டார் ரிவர்ஸ்ல சுத்துதா. பாக்கறவங்க நமக்கு முன்னாடியே கமெண்ட்ல யூகிக்க ஆரம்பிச்சாங்க. சீரீஸ்னு கட்டிப்போட்டது அந்த வரிசைதான், பாகம் நம்பர் இல்ல. கடைசில எண்ட் ஸ்க்ரீன்ல புதுசா போட்டத வைக்காம ஒட்டுன கோளாற வச்சேன், "தண்ணி வருது, ஆனா கம்மியா வருது". எட்டு மாசத்துல 11,000 தாண்டுச்சு.

திருப்பூர்காரர்: ஃபார்மட்டெல்லாம் சும்மாங்க. வாரம் மூணு போட்டா தானா ஏறும்.

பாதி சரிங்க, நெறைய போட்டா எது ஓடுதுன்னு சீக்கிரம் தெரியும். ஆனா பாகம் பாகமா இருந்தப்பவே கொஞ்ச நாள் வாரம் மூணு போட்டேன், அதே ஆளுங்கதான் மூணு தடவ வந்தாங்க. சப்ஸ்கிரைபர் அசையல.

ஈரோடு அக்கா: என்னுது சமையல் சேனலுங்க, 3,000 பேர். சீரியல் மாதிரி மாமியார் மருமக கதை சேக்கோணுமா?

அய்யோ, சீரியல் இல்லீங்கக்கா, சீரீஸ்! நீங்க அரிசிம்பருப்பு ஒரு நாள், ஒப்பிட்டு ஒரு நாள்னு போடறீங்க, அடுத்து என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. "வேலைக்குப் போயிட்டு வந்து ஒரே குக்கர்ல"ன்னு ஒரு கட்டுப்பாடு வச்சு அஞ்சு வீடியோ போடுங்க. மொத ஏழு நாள்ல வந்த புது ஆளுங்கள உங்க பழைய வீடியோவோட மொத ஏழு நாளோட பாருங்க, அடுத்தவங்க சேனலோட வேண்டாம். தம்ப்நெயில் ஸ்டைல, நீளத்த அதே நேரத்துல மாத்தீராதீங்க, எது வேல செஞ்சுதுன்னே தெரியாது.

கரூர் தம்பி: பழைய பாகத்தெல்லாம் டெலீட் பண்ணீட்டீங்களாண்ணா?

இல்லீங்க, தலைப்பு மட்டும் மாத்துனேன். ஆறு எந்திரிச்சுது, மிச்சம் அப்படியே கெடக்குது. ஆனா மாத்துனது சித்திரைல, கெணறு வத்தி எல்லாரும் மோட்டாரத் தேடற நேரம். தலைப்பாலயா வெயிலாலயான்னு இன்னும் எனக்குப் புடிபடல. ஒரு பெரியவரு மட்டும் இன்னைக்கும் பாகம் 18 எப்போன்னு கேக்கறாரு.