30 ரூபாயை 100 ஆக்க முடியுமா?

கேள்வி: கையில் 30 ரூபாய். நாணயம் சுண்டி ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் பந்தயம். காசு தீரும் முன் 100 ரூபாயைத் தொட எவ்வளவு வாய்ப்பு?

சரியாக 30 சதவீதம். நியாயமான ஆட்டத்தில் எத்தனை முறை சுண்டினாலும் கைக்காசின் சராசரி 30 ரூபாயிலேயே நிற்கும். ஆட்டம் முடியும்போது கையில் 100 இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. வெல்லும் வாய்ப்பு p என்றால், 100 × p = 30. அவ்வளவுதான்.

முடிய எவ்வளவு நேரமாகும்? சராசரியாக 30 × 70, அதாவது 2100 சுண்டல்கள். பத்துப் பத்து ரூபாயாகக் கட்டினால் 3 × 7 = 21 போதும்; வாய்ப்பு அதே 30 சதவீதம்தான்.

ஆனால் நாணயம் நியாயமானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுண்டலிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 49 ஆகக் குறைந்தாலே, ஒரு ரூபாய்ப் பந்தயத்தில் அந்த 30 சதவீதம் சுமார் 4 சதவீதமாகச் சரிந்துவிடும்.