காலண்டர் சேலத்தில், விளக்கு அயோவாவில்

அன்புள்ள ஐயா,

சேலம் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்த நான் இப்போது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அம்மா அனுப்பிய தினசரி காலண்டரைப் பார்த்து வீட்டிலேயே பிரதோஷ பூஜை செய்கிறோம். ஆடிச் செவ்வாயில் மூன்று மணிக்கு ராகுகால விளக்கு ஏற்றுகிறேன். இந்த நேரங்கள் எங்களுக்கும் பொருந்துமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பிரதோஷம் சில மாதங்களில் உங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். சூரியனிடமிருந்து சந்திரன் பன்னிரண்டு பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ஒரு திதி என்பதால், அது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகிறது. சூரிய அஸ்தமனம் அப்படியல்ல, அது ஊருக்கு ஊர் வேறு. அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்கும் நாளே பிரதோஷம் என்பதால், திதியைக் காலண்டரிலிருந்தும் அஸ்தமனத்தை உங்கள் ஊரிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆடி மாதத்தில் வியாழன் இரவு 8.30 மணிக்குத் தொடங்கிய திரயோதசி வெள்ளி இரவு 7.30 வரை இருப்பதாகக் காலண்டரில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் ஆறே முக்கால் மணியளவில் பொழுது சாய்வதால் இங்கே வெள்ளிக்கிழமைதான் பிரதோஷம். கோடையில் உங்கள் கடிகாரம் எங்களுடையதைவிட பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அதே திதி உங்களுக்கு வியாழன் காலை 10 மணிக்குத் தொடங்கி வெள்ளி காலை 9 மணிக்கே முடிந்துவிடுகிறது. ஆகவே வியாழன் மாலையில்தான் நீங்கள் பூஜை செய்ய வேண்டும். நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு வித்தியாசம் பதினொன்றரை மணி நேரமாகிவிடும். இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆடிச் செவ்வாய் கிழமையைப் பொறுத்தது என்பதால் உங்கள் ஊர்ச் செவ்வாயே போதும், ஆனால் மூன்று மணிதான் இடிக்கிறது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல் என்று கொண்டு, அதை எட்டாகப் பங்கிட்டு, ஏழாவது பங்கைச் செவ்வாயின் ராகுகாலமாகக் காலண்டர் அச்சிடுகிறது. சேலத்திலேயே இது தோராயக் கணக்குதான். உங்களுக்கு ஜூலை பிற்பாதியில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதித்து இரவு 8.40க்கு மறைகிறான். இந்த 880 நிமிடங்களை எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 110 நிமிடம். ஏழாவது பங்கு மாலை 5 மணிக்குத் தொடங்கி 6.50க்கு முடியும். வேலைக்குப் போகிறவராக இருந்தால் வீடு திரும்பி, எலுமிச்சம்பழத்தை அரிந்து, சாறு பிழிந்து, மூடியைப் புறம் திருப்பி நெய்யூற்ற இது வசதியான நேரமும்கூட.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அது அந்தக் கோயிலில் நடக்கும் விழா என்பதால் கோயில் குறித்த நாளே உங்களுக்கும் நாள். இங்கே மாலை ஆறு மணிக்கு நடக்கும் பூஜையை ஒட்டி மாவிளக்கு ஏற்ற விரும்பினால், அங்கே அன்று காலை ஏழரை மணிக்கு ஏற்றுங்கள்.